அரசு சேமிப்புத் திட்டம், வரியில்லாப் பத்திரம்: எந்த வட்டிக்கு வரி உண்டு, எதற்கு இல்லை?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், பென்ஷன் மாதம் 55,000. போஸ்ட் ஆபீஸில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 15 லட்சம், மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் (இரண்டும் 2024இல் போட்டது), 2023 ஜூனில் வாங்கிய என்.எஸ்.சி. 2 லட்சம், சேவிங்ஸ் கணக்கில் ஒரு 1.2 லட்சம், பி.பி.எஃப்.இல் 8 லட்சம். ஐ.ஆர்.எஃப்.சி. டாக்ஸ் ஃப்ரீ பாண்டு 5 லட்சத்துக்கு வருடம் 42,000 வட்டி வருகிறது. கொடுங்கையூர் மனையை விற்றபோது வாங்கிய ஆர்.இ.சி. பாண்டு 10 லட்சமும் இருக்கிறது. "எல்லாம் கவர்மெண்ட் பணம், வட்டிக்கு வரி கிடையாது, கணக்கில் காட்டவே வேண்டாம்" என்கிறார். சரியா? ஐ.ஆர்.எஃப்.சி. பாண்டை இப்போது விற்கலாமா என்றும் கேட்கிறார்.

பதில்:

சரியில்லை. நீங்கள் சொன்ன ஏழில் முழு விலக்கு உள்ளவை இரண்டுதான்: பி.பி.எஃப். வட்டியும் ஐ.ஆர்.எஃப்.சி. பாண்டு வட்டியும். சேவிங்ஸ் கணக்கு வட்டிக்கு ஓர் அளவு வரை விலக்கு உண்டு. மற்ற நான்கின் வட்டியும் முழுக்க வரிக்கு உட்பட்டது. ஆனாலும் 2025-26க்கு உங்கள் அப்பா கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகத்தான் வரும். அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஐ.ஆர்.எஃப்.சி. பாண்டை விற்றால் அது கலைந்துவிடும்.

குழப்பம் எங்கே பிறக்கிறது என்றால், வரி விஷயத்தில் மூன்று தனித்தனி சலுகைகள் இருக்கின்றன. மூன்றையும் "வரி இல்லை" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, பணம் போடும்போது வருமானத்தில் கழித்துக்கொள்வது, 80சி அப்படிப்பட்டது. இரண்டாவது, வட்டி தரும்போது டிடிஎஸ் பிடிக்காமல் விடுவது. மூன்றாவது, வட்டியையே வருமானமாகச் சேர்க்காமல் விலக்குவது. மூன்றாவது மட்டுமே உண்மையான வரிவிலக்கு. என்.எஸ்.சி.யில் முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது கிடையாது. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் முதலாவது மட்டும் உண்டு. மாத வருமானத் திட்டத்தில் இரண்டாவது மட்டும். டிடிஎஸ் பிடிக்காமல் முழு வட்டியும் மாதாமாதம் கணக்கில் விழுவதைப் பார்த்துத்தான் பலரும் அதற்கு வரியே இல்லை என்று நம்பிவிடுகிறார்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் வருடச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு. 2025-26இல் வந்த வருமானத்துக்குப் பழைய எண்களே பொருந்தும்.

பி.பி.எஃப். வட்டி 10(11) பிரிவில் முழு விலக்கு. 7.1 சதவீதத்தில் 8 லட்சத்துக்கு ஏறத்தாழ 56,800 வரும். பதினைந்து வருடம் முடிந்த பிறகு புதிதாகப் பணம் போடாமல் கணக்கை அப்படியே வைத்திருந்தாலும் வட்டி ஏறும், அதற்கும் வரி இல்லை. புதிய வரிமுறைக்குப் போனால் பி.பி.எஃப். விலக்கு போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது தவறு. புதிய முறையில் போவது 80சி கழிவுதான். வட்டி விலக்கு இரண்டு முறையிலும் உண்டு. பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் திட்டத்துக்கும் இதே நிலைதான், அது 10(11ஏ) பிரிவில் வருகிறது.

சேவிங்ஸ் கணக்குக்கு வட்டி 4 சதவீதம், அதாவது 4,800. இதில் தனிநபர் கணக்கு என்றால் வருடத்துக்கு 3,500 வரையிலும், கூட்டுக் கணக்கு என்றால் 7,000 வரையிலும் 10(15)(i) பிரிவில் விலக்கு. இது போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் கணக்குக்கு மட்டுமே உள்ள சலுகை, பேங்க் சேவிங்ஸ் கணக்குக்குக் கிடையாது. புதிய வரிமுறையிலும் இது நீடிக்கிறது. ஆகவே 3,500 விலக்கு, மீதி 1,300 வருமானம்.

சீனியர் சிட்டிசன் திட்டம் முழுக்க வரிக்கு உட்பட்டது. 8.2 சதவீதத்தில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750, வருடத்துக்கு 1,23,000. மாத வருமானத் திட்டமும் அப்படியே: 7.4 சதவீதத்தில் மாதம் 5,550, வருடம் 66,600. உங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், கிசான் விகாஸ் பத்திரம், போஸ்ட் ஆபீஸ் டைம் டெபாசிட், ஆர்.டி., 2025 மார்ச்சோடு நிறுத்தப்பட்ட மகிளா சம்மான் ஆகிய எதன் வட்டிக்கும் விலக்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் ஃப்ளோட்டிங் ரேட் பாண்டு வட்டியும் வரிக்கு உட்பட்டதுதான். அந்தப் பாண்டு வட்டி வருடத்தில் 10,000ஐத் தாண்டினால் டிடிஎஸ் பிடிப்பார்கள்.

இப்போது இரண்டு பாண்டுகளுக்கு வருவோம். வீட்டு பீரோவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு காகிதங்களுக்கும் வரியில் பெரிய வித்தியாசம். ஐ.ஆர்.எஃப்.சி.யும் ஆர்.இ.சி.யும் மத்திய அரசு நிறுவனங்கள்தான். ஆர்.இ.சி.யும் ஒருகாலத்தில் டாக்ஸ் ஃப்ரீ பாண்டு வெளியிட்டதுதான். ஆனால் ஒரு நிறுவனம் பல வகைப் பாண்டு வெளியிடும். அரசு பெயர் குறிப்பிட்டு அறிவித்த தொடர்களின் வட்டிக்கு மட்டுமே 10(15)(iv)(h) பிரிவில் விலக்கு. நெடுஞ்சாலை ஆணையம், ஐ.ஆர்.எஃப்.சி., பி.எஃப்.சி., ஆர்.இ.சி., ஹட்கோ, நபார்டு, என்.டி.பி.சி., ஐ.ஆர்.இ.டி.ஏ. போன்ற நிறுவனங்கள் இந்த வகையில் பொதுமக்களிடம் கடைசியாகத் திரட்டியது 2015-16இல். அதன் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. "புது டாக்ஸ் ஃப்ரீ பாண்டு வந்திருக்கிறது, உடனே போடுங்கள்" என்று இன்று யாராவது சொன்னால், அது வேறு ஏதோ பாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனை விற்றபோது வாங்கிய ஆர்.இ.சி. பாண்டு 54இசி வகை. மனை விற்ற லாபத்துக்கான வரியை மிச்சப்படுத்த, விற்ற ஆறு மாதத்துக்குள் போட்டு ஐந்து வருடம் எடுக்காமல் வைக்க வேண்டியது அது. அதன் சலுகை மனை லாபத்தோடு முடிந்துவிட்டது. பாண்டு தரும் 5.25 சதவீத வட்டி, உங்கள் கணக்கில் வருடம் 52,500, முழுக்க வருமானம். இதை "டாக்ஸ் எக்ஸம்ஷன் பாண்டு" என்று சொல்லிப் பழகியதால் வட்டிக்கும் விலக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் வருவதற்கு வாய்ப்புள்ள இடம் இது. அடையாளம் காண்பது சுலபம். சான்றிதழை எடுத்து, எந்தப் பிரிவு எண் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 10(15)(iv)(h) என்றிருந்தால் வட்டிக்கு விலக்கு. 54EC என்றிருந்தால் வட்டிக்கு வரி. 2010 வாக்கில் 80சிசிஎஃப் கழிவுக்காக வாங்கிய பழைய இன்ஃப்ரா பாண்டுகள் யாரிடமாவது இருந்திருந்தால், அவற்றின் வட்டியும் வரிக்கு உட்பட்டதே. டீமேட்டில் இருந்தால் ஸ்டேட்மெண்டில் பாண்டின் பெயரோடு "TAX FREE" என்று இருக்கிறதா என்று பார்த்து, ஐசின் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

என்.எஸ்.சி.யைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அதில் வட்டி கைக்கு வருவதில்லை, வருடாவருடம் உள்ளேயே சேர்ந்துகொண்டே போகும். 7.7 சதவீதத்தில் 1,000 ரூபாய்க்கு முதல் வருடம் 77, இரண்டாம் வருடம் 82.93, மூன்றாம் வருடம் 89.31, நான்காம் வருடம் 96.19, ஐந்தாம் வருடம் 103.60. ஐந்து வருடம் முடிந்து 1,449.03 கிடைக்கும். கைக்கு வராவிட்டாலும் அந்தந்த வருட வட்டியை அந்தந்த வருடக் கணக்கில் காட்டிவிடுவதே நல்லது. 2023 ஜூனில் வாங்கிய உங்கள் 2 லட்சத்துக்கு இரண்டாம் வருட வட்டி 2025 ஜூனில் சேர்ந்திருக்கும்: 16,586. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு முதல் நான்கு வருட வட்டியும் மறுபடி முதலீடு செய்ததாகக் கருதப்பட்டு 80சி கழிவில் சேரும். ஐந்தாம் வருட வட்டி திரும்பவும் உள்ளே போவதில்லை என்பதால் அதற்கு அந்தக் கழிவு கிடையாது.

வருடாவருடம் காட்டாமல் முதிர்வில் மொத்தமாகக் காட்டினால் என்ன ஆகும்? 2 லட்சத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் பென்ஷன் பணம் மொத்தமாக வந்தபோது 10 லட்சத்துக்கு என்.எஸ்.சி. வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு முதிர்வு வட்டி 4,49,030. மற்ற வருமானம், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் போக, 8,28,400 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வருடத்தில் மொத்தம் 12,77,430 ஆகிவிடும். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரைதான் தள்ளுபடி. அதைத் தாண்டியதும் முதல் 12 லட்சத்துக்கான 60,000 திரும்ப வந்து உட்காரும். மேலே உள்ள 77,430க்கு 15 சதவீதம் 11,614.50. செஸ்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 74,479 கட்ட வேண்டியிருக்கும். அதே மனிதர் வருடாவருடம் காட்டியிருந்தால் கடைசி வருடம் சேர்வது 1,03,600தான், மொத்தம் 9,32,000, வரி ஒரு பைசா இல்லை. அப்படிக் காட்டியவர்கள் ஒவ்வொரு வருட ரிட்டர்னின் நகலையும் என்.எஸ்.சி.யோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். முதிர்வு வருடத்தில் முழு வட்டியும் ஒரே தொகையாக வருமான வரித் தளத்தின் AIS பக்கத்தில் தெரியலாம். முந்தைய வருடங்களில் காட்டியாகிவிட்டது என்று அங்கேயே பதில் போட அந்த நகல்கள்தான் கைகொடுக்கும். ஒரு வருடம் இந்த முறை, அடுத்த வருடம் அந்த முறை என்று மாற்றிக்கொண்டிருக்கவும் கூடாது.

இப்போது அப்பாவின் 2025-26 கணக்கு. விலக்குள்ளவை: ஐ.ஆர்.எஃப்.சி. 42,000, பி.பி.எஃப். 56,800, சேவிங்ஸில் 3,500. மொத்தம் 1,02,300. இது வருமானத்தில் சேராது.

சேர வேண்டியவை: பென்ஷன் 6,60,000. சீனியர் சிட்டிசன் வட்டி 1,23,000, மாத வருமானத் திட்டம் 66,600, என்.எஸ்.சி. 16,586, சேவிங்ஸில் மீதி 1,300, ஆர்.இ.சி. 52,500, வட்டி மொத்தம் 2,59,986. பென்ஷனோடு சேர்த்து 9,19,986.

புதிய வரிமுறையில் பென்ஷனுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போக 8,44,986. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், மீதிக்கு 10 சதவீதம். மொத்தம் 24,499 வரும். வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடி அதை முழுக்கக் கழித்துவிடும்.

பழைய முறையில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000. மூத்த குடிமக்களுக்கு பேங்க், போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் வட்டியில் 80டிடிபி கழிவு 50,000. என்.எஸ்.சி. வட்டி 16,586க்கு 80சி. இவையெல்லாம் போக 8,03,400 நிற்கும். அதற்கு வரி செஸ்ஸோடு ஏறத்தாழ 73,507. மெடிக்ளெய்ம், புதிய 80சி முதலீடு எல்லாம் சேர்த்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். அப்பாவுக்குப் புதிய முறைதான் சரி. பென்ஷன் கொடுக்கும் பேங்கில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தால் வருடத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் தேவையில்லாமல் டிடிஎஸ் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து, டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் 15எச் படிவம். மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் வட்டி வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் டிடிஎஸ் உண்டு. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் அப்பாவுக்கு 1,23,000 வருகிறது. ஒரு லட்சத்துக்கு மேலுள்ள 23,000க்கு மட்டும் பிடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் 10 சதவீதம், அதாவது 12,300. இறுதியில் வரி பூஜ்யம் என்பதால் 15எச் படிவம் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். 87ஏ தள்ளுபடியைக் கணக்கில் எடுத்த பிறகு வரி பூஜ்யமாக இருந்தாலே 15எச் கொடுக்கத் தகுதி உண்டு. கணக்கு இருக்கும் அதே போஸ்ட் ஆபீஸில் ஏப்ரலிலேயே கொடுங்கள். வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று வருவதால், ஜனவரியில் போய்க் கொடுத்தால் பிடித்தது பிடித்ததுதான். ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டு வாங்க வேண்டிவரும். கணக்கில் பான் எண் சேர்ந்திருக்கிறதா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். பான் இல்லாவிட்டால் 15எச் செல்லாது, டிடிஎஸ் 20 சதவீதமாகப் போகும். பிடித்த பணம், டிடிஎஸ் விவரம் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அப்பா பெயரில் ஏறாது, திரும்ப வாங்குவதும் பெரும்பாடு.

15எச் கொடுத்ததாலோ வரி பூஜ்யம் என்பதாலோ ரிட்டர்ன் போட வேண்டாம் என்று ஆகாது. தள்ளுபடிக்கு முன் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் கட்டாயம். வேறு லாபம் எதுவும் இல்லாதவரை ஐடிஆர்-1 போதும். விலக்குள்ள 1,02,300ஐயும் அதில் விலக்கு வருமானம் என்ற பகுதியில் அந்தந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள். "வரி இல்லாததை ஏன் காட்ட வேண்டும்" என்று அப்பா கேட்பார். பாண்டு வட்டி பேங்க் கணக்கில் ஏறுகிறது, AIS பக்கத்திலும் வரலாம். ரிட்டர்னில் அது எங்குமே இல்லாவிட்டால் விடுபட்ட வருமானம் என்று கேள்வி வரும். விலக்குப் பகுதியில் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மறந்துபோய் அதை மற்ற வட்டியோடு சேர்த்துக் காட்டினால் இல்லாத வருமானத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதாகும். 12 லட்சத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தவறு பெரிய செலவு வைக்கும்.

இப்போது விற்பது பற்றி. டாக்ஸ் ஃப்ரீ என்பது வட்டிக்கு மட்டும்தான். பாண்டை விற்று வரும் லாபத்துக்கு விலக்கு இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பாண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 13 சதவீதம். அப்பா 1,000 ரூபாய் வீதம் வாங்கிய 500 பாண்டுகளை 1,120க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 60,000, வரி 7,800. மொத்த வருமானம் அப்போதும் 9 லட்சத்துச் சொச்சம்தானே, 12 லட்சம் தள்ளுபடியில் இதுவும் போய்விடாதா என்றால், போகாது. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 87ஏ தள்ளுபடி ஸ்லாப்படி வரும் வரிக்கு மட்டுமே; தனி விகிதத்தில் வரி போடும் இந்த மாதிரி லாபத்துக்குக் கிடையாது. பென்ஷன், வட்டி மீதான 24,499 கழிந்துவிடும், இந்த 7,800 அப்படியே நிற்கும்.

அதோடு விடாது. இறுதி வரி பூஜ்யம் இல்லை என்று ஆனதும் அந்த வருடத்துக்கு அப்பா 15எச் கொடுக்கத் தகுதி இழக்கிறார். ஏப்ரலில் கொடுத்துவிட்டு நவம்பரில் பாண்டு விற்றால், கொடுத்த உறுதிமொழி உண்மையில்லாமல் போகிறது. விற்றவுடன் போஸ்ட் ஆபீஸில் எழுதிக்கொடுத்து அதைத் திரும்பப் பெறுவது முறை. ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் இந்த மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விற்பதாகவே முடிவானால் தேதியைக் கவனியுங்கள். இந்தப் பாண்டுகள் வருடத்துக்கு ஒருமுறை வட்டி தருகின்றன. வட்டி நாள் நெருங்க நெருங்க, சேர்ந்துகொண்டிருக்கும் வட்டியும் சந்தை விலையில் ஏறிக்கொண்டே வரும். எந்த நாளில் பாண்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வட்டி என்று நிறுவனம் வைக்கும் நாள்தான் ரெக்கார்டு தேதி; அது கடந்ததும் விலை அந்த அளவுக்கு இறங்கும். ரெக்கார்டு தேதிக்கு நான்கு நாள் முன்னால் விற்றால், ஒரு பாண்டுக்கு ஏறத்தாழ 84 ரூபாய் வட்டி விலையாக மாறிக் கைக்கு வரும். ஆனால் வரிக் கணக்கில் அது வட்டி இல்லை, லாபம். 500 பாண்டுக்கு 42,000; அதற்கு 13 சதவீதம் 5,460. ரெக்கார்டு தேதி தாண்டும்வரை பொறுத்திருந்து விற்றால் அதே 42,000 வட்டியாக வரும், வரி இல்லை. வெறும் சில நாள் பொறுமையில் மிச்சமாகிற பணம் இது.

விற்றுவிட்டு மறுபடி டாக்ஸ் ஃப்ரீ பாண்டையே சந்தையில் வாங்கும் யோசனை இருந்தால், கூப்பன், அதாவது பாண்டில் அச்சாகியிருக்கும் வட்டி விகிதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 8 சதவீதப் பாண்டை 1,100 கொடுத்து வாங்கி, ஐந்து வருடம் கழித்து முதிர்வில் 1,000தான் திரும்ப வரும் என்றால், உண்மையில் கிடைப்பது வருடத்துக்கு ஏறத்தாழ 5.65 சதவீதம். 8.2 சதவீத சீனியர் சிட்டிசன் வட்டியில் 30 சதவீத ஸ்லாப்பில் இருப்பவருக்கு வரியும் செஸ்ஸும் போக நிற்பது 5.64. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பாவைப் போல வரியே கட்டாதவருக்கு 8.2 முழுசாகக் கிடைக்கிறது, அவர் 5.65க்குப் பணத்தைப் போடுவதில் அர்த்தமே இல்லை. டாக்ஸ் ஃப்ரீ பாண்டு வரி கட்டுகிறவருக்கான பொருள். அப்பாவிடம் ஏற்கெனவே முகவிலைக்கு வாங்கிய பாண்டு இருப்பதால் அதற்கு ஒரு பலன் உண்டு: வருடம் 42,000 அவருடைய 12 லட்சக் கணக்கில் ஏறாமல் நிற்கிறது. வேறு அவசரத் தேவை இல்லையென்றால் முதிர்வு வரை வைத்திருக்கச் சொல்வேன்.

வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த வெளியீடுகள் பலவற்றில் 10 லட்சத்துக்குள் வாங்கிய சிறு முதலீட்டாளர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வட்டி கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் முதலில் ஒதுக்கீடு பெற்றவருக்கு மட்டும் என்று நிபந்தனை உள்ள தொடர்களில், வேறொருவருக்கு விற்றால் வட்டி குறைந்துவிடும். அவர் காலத்துக்குப் பிறகு சட்டப்படி வாரிசுக்குப் போனால் குறையாது. அப்பாவின் பாண்டு இந்த வகையா என்று சான்றிதழின் பின்பக்க நிபந்தனையில் பாருங்கள். நாமினி யார் என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

ஆர்.இ.சி. பாண்டு முதிர்ந்து 10 லட்சம் கைக்கு வரும்போது, "அம்மா பேரில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டால் வரி அம்மாவுக்குத்தான்" என்று யாராவது சொல்வார்கள். அப்பா தன் பணத்தை அம்மாவுக்குக் கொடுத்து அம்மா முதலீடு செய்தால், அந்த வட்டி அப்பாவின் வருமானத்தோடுதான் சேரும். 10 லட்சத்துக்கு 82,000, அதைச் சேர்த்தாலும் அப்பாவுக்கு இப்போதைக்கு வரி வராது. ஆனால் அம்மா கணக்கு என்று நினைத்துக் காட்டாமல் விட்டால் பிழையாகும். மாறாக, நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து அம்மாவுக்குக் கொடுத்து அவர் அந்தப் பணத்தைப் போட்டால் அது அம்மாவின் வருமானமே. பெற்றோருக்குக் கொடுப்பதற்கு இந்தச் சேர்க்கை விதி கிடையாது. பணம் பேங்க் வழியாகப் போகட்டும், அன்பளிப்பு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.